கை தவறிப் போன பணம்: வங்கியா, மக்கள் நீதிமன்றமா, வழக்கா, காவல் நிலையமா?

"வேறு ஒருவர் கணக்குக்குப் பணம் போய்விட்டது. வங்கிக்குப் போவதா, வக்கீலிடம் போவதா, போலீஸிடம் போவதா?" என்று கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் மூன்று இடத்துக்கும் ஒரே நாளில் ஓடிவிட்டு வந்தவர்களாக இருக்கிறார்கள். வங்கியில் ஒரு கதை, காவல் நிலையத்தில் இன்னொரு கதை, எதிராளியிடம் தொலைபேசியில் மூன்றாவது கதை. பிறகு இந்த மூன்று கதைகளுக்கும் உள்ள முரண்பாடே எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஆயுதமாகிறது. எந்த வழி நல்லது என்பது பணம் போன விதத்தையும், அது யார் கையில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை சட்டப்படி உங்களுக்கு இருக்கிறதா?

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் சிறிய தையல் கூடம் நடத்துகிறவர் செல்வி. நூல் வியாபாரி முருகேசனுக்கு 68,000 ரூபாய் அனுப்ப வேண்டும். வங்கிச் செயலியில் சேமித்து வைத்த பெயர்ப் பட்டியலில் இரண்டு முருகேசன்கள். ஒருவர் நூல் வியாபாரி. இன்னொருவர் போன ஆண்டு கூடத்துக்குத் துணி வெட்டும் மேசை செய்து கொடுத்த தச்சர், தாராபுரத்துக்காரர். அவசரத்தில் விரல் தச்சரின் பெயரைத் தொட்டுவிட்டது. இரண்டு நாள் கழித்து நூல் வியாபாரி "பணம் வரவில்லையே அம்மா" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிகிறது. தச்சரை அழைத்தால், "எனக்கு நீங்கள் 8,000 பாக்கி வைத்திருந்தீர்கள். மீதியில் 25,000 கொடுத்து அடகு நகையை மீட்டுவிட்டேன். இப்போது கேட்டால் நான் எங்கே போவேன்?" என்கிறார்.

பெறுபவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதி யுபிஐ, ஐஎம்பிஎஸ் முறைகளில் முன்பே இருந்தது. ஆர்டிஜிஎஸ், என்இஎஃப்டி முறைகளுக்கும் 2025 ஏப்ரல் 1-க்குள் அதைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்றால் அது என்ன செய்யும்?

## முதலில் சோதனை: ஐந்து கேள்விகள்

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 72-ஆம் பிரிவு ஒரே வாக்கியம். தவறுதலாகவோ வற்புறுத்தலாலோ ஒருவருக்குப் பணம் கொடுக்கப்பட்டால், அல்லது பொருள் ஒப்படைக்கப்பட்டால், பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையில் ஒப்பந்தம் எதுவும் இருக்கத் தேவையில்லை. ஒருவர் இழப்பில் இன்னொருவர் நியாயமில்லாமல் ஆதாயம் அடையக் கூடாது என்பதே இதன் அடிப்படை. 1989-இல் மகாபீர் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மூன்று கூறுகளாகப் பிரித்தது: எதிராளி ஆதாயம் அடைந்திருக்க வேண்டும், அது வாதியின் இழப்பில் வந்திருக்க வேண்டும், அதை அவர் வைத்துக்கொள்வது நியாயமற்றதாக இருக்க வேண்டும். மூன்றாவது கூறில் பல விஷயங்கள் ஒளிந்திருப்பதால் நான் அதை உடைத்து, ஐந்து கேள்விகளாகவே கேட்பேன். வரிசை மாறக் கூடாது.

ஒன்று: எதிராளிக்கு ஆதாயம் சேர்ந்ததா? கணக்கில் வரவு விழுந்தாலே ஆதாயம்தான். வரவு விழுந்ததைக் காட்ட உங்கள் வங்கி தரும் பரிவர்த்தனை எண் போதும். தச்சரின் கணக்கில் 68,000 விழுந்தது. தீர்ந்தது.

இரண்டு: அது உங்கள் இழப்பில் வந்ததா? இதுவும் பெரும்பாலும் எளிது. ஆனால் நீங்கள் கொடுத்த தொகையை வேறு யாரிடமாவது ஏற்கெனவே வசூலித்துவிட்டிருந்தால் இழப்பு உங்களுடையது அல்ல. 1996 டிசம்பரில் மஃபத்லால் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வரித் தொகைகளைப் பற்றி இதைத்தான் சொன்னது: வரியை வாடிக்கையாளர் தலையில் ஏற்றிவிட்ட நிறுவனம், பிறகு அதே வரியை அரசிடம் திரும்பக் கேட்க முடியாது.

மூன்று: தவறுதான் காரணமா? இங்கேதான் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். "என் கவனக்குறைவுதானே, நீதிமன்றம் என்னைத்தானே திட்டும்" என்பார்கள். 1841-இல் இங்கிலாந்தில் கெல்லி எதிர் சோலாரி என்ற வழக்கு வந்தது. தவணை கட்டாமல் காலாவதியான ஆயுள் காப்பீட்டுக்கு, அது காலாவதியானதையே மறந்துவிட்டு, காப்பீட்டு நிறுவனத்தின் இயக்குநர்கள் பணம் கொடுத்துவிட்டார்கள். எவ்வளவு அசட்டையாக இருந்திருந்தாலும் தவறு தவறுதான், பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதே அதிலிருந்து நிலைத்த கொள்கை. நம் 72-ஆம் பிரிவிலும் "கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்ற நிபந்தனை கிடையாது. நாம் கொடுக்க வேண்டியதே இல்லை என்று தெரிந்தும், போகட்டும் என்று கொடுத்தால் அது வேறு. அது தவறு அல்ல, தீர்மானம். சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு கொடுத்ததும் தவறுக் கணக்கிலேயே சேரும் என்று 1958-இல் கன்னையாலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நான்கு: அதை வைத்துக்கொள்ள எதிராளிக்கு உரிமை உண்டா? உண்மையிலேயே நீங்கள் அவருக்குக் கடன்பட்டிருந்தால் அந்த அளவுக்கு அவரிடம் பதில் இருக்கிறது. தச்சர் சொல்லும் 8,000 இந்தக் கேள்விக்குரியது. செல்வி தன் பழைய கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்க்கிறார். மேசைக்குப் பேசிய கூலி 20,000, கொடுத்தது 12,000. பாக்கி இருப்பது உண்மை. அப்படியானால் சண்டை 68,000-க்கு அல்ல, 60,000-க்கு. இதை நேர்மையாக ஒப்புக்கொள்வது நல்ல குணம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. எதிராளியின் ஒரே நல்ல வாதத்தை முதல் நாளே அவர் கையிலிருந்து எடுத்துவிடலாம் என்பதற்காகவும் சொல்கிறேன்.

ஐந்து: தடை ஏதாவது இருக்கிறதா? முதல் தடை காலம். இத்தகைய பணத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுகள். தவறின் விளைவிலிருந்து நிவாரணம் கேட்கும் வழக்குகளில், தவறைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, அல்லது நியாயமான கவனத்துடன் இருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளிலிருந்து காலம் ஓடும் என்று காலவரையறைச் சட்டம் 1963-இன் 17-ஆம் பிரிவு சலுகை தருகிறது. ஆனால் வங்கிக் குறுஞ்செய்தி அதே நிமிடம் வந்துவிடும் இந்தக் காலத்தில் அந்தச் சலுகையை நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து. பணம் போன நாளிலிருந்தே மூன்று ஆண்டுகளை எண்ணுங்கள்.

இரண்டாவது தடை, "செலவழித்துவிட்டேன்" என்ற பதில். இங்கிலாந்தில் 1991 முதல் இது ஒரு தனி எதிர்வாதமாகவே ஏற்கப்பட்டிருக்கிறது: பெற்றவர் நல்லெண்ணத்தில், அந்தப் பணம் தன்னுடையது என்று நம்பித் தன் நிலையை மாற்றிக்கொண்டிருந்தால், அந்த அளவுக்கு விலக்கு. இந்தியாவில் அவ்வளவு தாராளம் இல்லை. கன்னையாலால் வழக்கில் வரிப் பணத்தை அரசு வழக்கமான செலவுகளில் செலவழித்துவிட்டது என்ற வாதம் எடுபடவில்லை. ஆனால் முரண் தடை, உரிமையைக் கைவிட்டது, காலவரையறை போன்ற கேள்விகளுக்கு உட்பட்டே திருப்பித் தரும் கடமை உண்டு என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அதாவது, "அந்தப் பணம் உனக்குத்தான், எடுத்துக்கொள்" என்று நீங்களே நம்ப வைத்து, அதை நம்பி அவர் செலவு செய்திருந்தால் சிக்கல். செல்வி அப்படி எதுவும் சொல்லவில்லை.

நகை மீட்ட 25,000? ஆங்கிலேயச் சட்டத்திலேயே அது பெரிதாக உதவாது. எப்படியும் அடைக்க வேண்டிய கடன் அது. பணம் போனது, ஆனால் கடன் குறைந்தது. நகை வீட்டுக்கு வந்தது. ஆதாயம் வடிவம் மாறியதே தவிர மறையவில்லை.

ஐந்து கேள்விகளுக்கும் பதில் சாதகமாக வந்தால்தான் எந்த வழி என்று யோசிக்க வேண்டும். செல்விக்கு 60,000 வரை உரிமை இருக்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது?

நான்கு அளவுகோல்கள் போதும். எதிராளி யார், எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? பணம் இன்னும் கணக்கில் இருக்க வாய்ப்புண்டா? அவர் வெறுமனே மௌனம் காக்கிறாரா, அல்லது காரணம் சொல்லி மறுக்கிறாரா? திரும்ப வரக்கூடிய தொகைக்கு, அதைத் துரத்தும் செலவும் அலைச்சலும் தகுமா?

## வங்கி வழி

செலவில்லாத வழி, எந்த வழக்கிலும் முதல் நாளில் செய்ய வேண்டியதும் இதுதான். பணம் அனுப்பிய தேதி, நேரம், பரிவர்த்தனை எண், அனுப்ப நினைத்த கணக்கு, போய்ச் சேர்ந்த கணக்கு ஆகிய விவரங்களுடன் எழுத்து மூலம் புகார் கொடுத்து, புகார் எண் வாங்க வேண்டும். கணக்கு எண் எங்குமே இல்லாத ஒன்றாக இருந்தால் பணம் தானாகவே திரும்பிவிடும். இருக்கிற கணக்குக்குப் போயிருந்தால் உங்கள் வங்கி எதிராளியின் வங்கிக்கு எழுதும். அந்த வங்கி தன் வாடிக்கையாளரிடம் சம்மதம் கேட்கும். அவர் சரி என்றால் முடிந்தது.

அவர் சரி சொல்லாவிட்டால் வங்கியும் நின்றுவிடும். வாடிக்கையாளர் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் அவர் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்க வங்கிக்கு அதிகாரம் இல்லை. அவருடைய பெயர், முகவரியை உங்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள். கிளை மேலாளரிடம் குரலை உயர்த்திப் பயனில்லை, அவர் சொல்வது சரிதான். மின்னணுப் பணப் பரிமாற்றத்தில் கணக்கு எண்ணை மட்டும் வைத்து வரவு வைக்கலாம், அந்த எண்ணைச் சரியாகக் கொடுப்பது அனுப்புகிறவரின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கியின் 2010 அக்டோபர் 14 சுற்றறிக்கை சொல்கிறது.

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் பற்றி நிறைய மயக்கம் இருக்கிறது. வங்கிக்கு எழுதி 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் அங்கே போகலாம், கட்டணம் கிடையாது. ஆனால் அவர் விசாரிப்பது வங்கியின் சேவைக் குறைபாட்டை. பணத்தை வைத்திருக்கும் தச்சரை அவர் அழைத்து விசாரிக்க மாட்டார். உங்கள் புகாரை வங்கி வாரக்கணக்கில் கிடப்பில் போட்டது, எதிர் வங்கிக்குத் தகவலே அனுப்பவில்லை என்றால் அங்கே உங்களுக்கு வழக்கு உண்டு. விரல் தவறியது உங்களுடையது, வங்கி செய்ய வேண்டியதைச் செய்தது என்றால் இல்லை.

இந்த வழியின் மறைமுகச் செலவு நாட்கள்தான். "வங்கி பார்த்துக்கொள்ளும்" என்று மூன்று மாதம் காத்திருந்தால் அதற்குள் கணக்கு காலியாகிவிடலாம். எதிராளி யாரென்றே தெரியாதபோதும், அவர் நேர்மையானவராக இருக்க வாய்ப்புள்ளபோதும், தொகை சில ஆயிரங்களாக இருக்கும்போதும் இதுவே சிறந்த வழி. தச்சர் போல ஆளும் தெரியும், மறுப்பும் வந்துவிட்டது என்றால் இங்கே ஒரு பதிவை ஏற்படுத்திவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

## நோட்டீஸும் மக்கள் நீதிமன்றமும்

எதிராளி தெரிந்தவர், பணம் வந்ததை மறுக்கவில்லை, ஆனால் ஏதோ ஒரு காரணம் சொல்கிறார் என்றால் என் முதல் தேர்வு இது. இரண்டு படி: வக்கீல் நோட்டீஸ், பிறகு மக்கள் நீதிமன்றத்தை நடத்தும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு.

நோட்டீஸில் மிரட்டல் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. தேதி, தொகை, பரிவர்த்தனை எண், யாருக்கு அனுப்ப இருந்தது, எப்படித் தவறு நேர்ந்தது, எப்போது தெரிய வந்தது, 72-ஆம் பிரிவின்படி திருப்பித் தரும் கடமை, 15 நாள் அவகாசம். இவற்றோடு ஒரு வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: இந்த நோட்டீஸ் தேதியிலிருந்து வட்டி கோருவேன் என்ற வரி. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாத இத்தகைய தொகைக்கு, வட்டி கேட்பேன் என்று எழுதித் தெரிவித்த நாளிலிருந்துதான் வழக்குக்கு முந்தைய காலத்துக்கு நீதிமன்றம் வட்டி தர வட்டிச் சட்டம் 1978 இடம் கொடுக்கிறது. நோட்டீஸில் எழுதாமல் விட்ட வட்டியைப் பிறகு பிடிப்பது கடினம். ஒப்புகையுடன் தபாலில் அனுப்பி, அந்த ஒப்புகையைப் பத்திரப்படுத்த வேண்டும்.

செல்வியின் நோட்டீஸ் 8,000 பாக்கியை ஏற்று, 60,000 மட்டும் கேட்க வேண்டும். அந்த 8,000 வேறு கணக்கு, தவறாக வந்த பணத்தோடு சேர்த்துக் கழிக்கக் கூடாது என்று வாதாடவும் இடமுண்டு. ஆனால் எட்டாயிரத்துக்காக அறுபதாயிரத்தை ஈராண்டு தள்ளிப்போடுவது என்ன கணக்கு?

மக்கள் நீதிமன்றத்தில் வழக்குக்கு முந்தைய மனுவுக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. குழு எதிராளிக்கு அழைப்பு அனுப்பும். இரு தரப்பும் சம்மதித்துக் கையெழுத்திட்டால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, சொன்னபடி பணம் வராவிட்டால் நேராக நிறைவேற்றல் மனு போடலாம். தவணை முறையில் வாங்கிக்கொள்ளவும் இங்கே இடமுண்டு. பணத்தின் ஒரு பகுதியைச் செலவழித்துவிட்ட தச்சரைப் போன்றவருக்குத் தவணைதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

குறை என்ன என்றால், எதிராளி வராவிட்டால் யாரும் இழுத்து வர முடியாது. சம்மதம் இல்லாமல் மக்கள் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. அங்கே மனு கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் மூன்று ஆண்டு காலவரையறையை மறந்துவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

## உரிமையியல் வழக்கு

எதிராளி பிடிவாதமாக மறுத்தால், அல்லது கூப்பிட்ட இடத்துக்கு வராவிட்டால், பணத்தை வரவழைக்கும் உண்மையான வல்லமை இந்த வழிக்குத்தான் உண்டு. தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 2017-இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. செல்வியின் 60,000-க்கு 1,800 ரூபாய். வக்கீல் கட்டணம் அதைவிடப் பல மடங்கு இருக்கும். அது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். வென்றால் செலவுத் தொகை கிடைக்கும் என்பார்கள். நீதிமன்றம் கணக்கிட்டுத் தரும் செலவுத் தொகை நீங்கள் உண்மையில் செலவழித்ததை ஈடுகட்டுவது அபூர்வம். வாய்தாக்களுக்காகக் கூடத்தைப் பூட்டிவிட்டு வரும் நாட்களின் கூலியை யாரும் தர மாட்டார்கள்.

சாட்சியம் என்ற வகையில் இது எளிய வழக்கு. வங்கிக் கணக்கு அறிக்கை, நூல் வியாபாரியின் பில், அவருக்கு இரண்டாவது முறை பணம் அனுப்பிய பதிவு, தச்சருடன் நடந்த குறுஞ்செய்திப் பரிமாற்றம். இதில் நூல் பில்லை அலட்சியம் செய்யாதீர்கள். 68,000 என்ற அதே தொகைக்கு, அதே வாரத்தில், அதே பெயருள்ள இன்னொருவருடைய பில் இருக்கிறது என்பதே "தவறு" என்ற மூன்றாவது கேள்வியை நிரூபிக்கிறது. அது இல்லாவிட்டால், "முன்பணமாக அனுப்பினார், இப்போது மாற்றிப் பேசுகிறார்" என்று தச்சர் சொல்ல வழி திறந்துவிடும்.

எதிராளி யாரென்று தெரியாத வழக்கில் இந்த வழியின் சுமை கூடும். பெயரும் முகவரியும் இல்லாமல் சம்மன் அனுப்ப முடியாது. அப்போது அவருடைய வங்கியையும் ஒரு பிரதிவாதியாகச் சேர்த்து, கணக்கு விவரங்களைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும். உங்களிடம் சொல்ல மறுத்த விவரத்தை நீதிமன்ற உத்தரவு வந்தால் வங்கி தரும். பணத்தை அவர் மறைக்கப் பார்க்கிறார் என்று காட்ட முடிந்தால், தீர்ப்புக்கு முன்பே கணக்கில் உள்ள தொகையைப் பற்றுகை செய்து முடக்கி வைக்கவும் கேட்கலாம். சந்தேகம் மட்டும் போதாது. எந்த நாளில் எவ்வளவு எடுத்தார், எதை விற்கப் போகிறார் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

தீர்ப்பு வாங்குவது பாதி வேலைதான். நிறைவேற்றல் மனு போட்டு வசூலிப்பது மறுபாதி. எதிராளிக்குச் சொத்தும் சம்பளமும் இல்லையென்றால் அந்தப் பாதி முடியாமலே போகலாம். தீர்ப்பாணையை நிறைவேற்றப் 12 ஆண்டு அவகாசம் இருப்பது சிறு ஆறுதல். தொகை பெரிது, எதிராளிக்கு வசதி இருக்கிறது, காலவரையறை நெருங்குகிறது: இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால் வழக்குக்குப் போகலாம். பத்தாயிரத்துக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

## காவல் நிலையம்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பெரும்பாலும் கடைசியில் வர வேண்டியதும் இதுதான்.

தவறாக வந்த பணம் என்று தெரிந்த பிறகும் நேர்மையற்ற எண்ணத்தோடு அதைத் தனதாக்கிக்கொள்வது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 403-ஆம் பிரிவு; 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவு. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை சிறை, அதோடு அபராதம். நல்லெண்ணத்தில் ஒரு பொருளைத் தன்னுடையது என்று எடுத்தவர், பிறகு தவறு தெரிந்தும் அதை நேர்மையின்றித் தனதாக்கிக்கொண்டால் குற்றவாளி என்று சட்டத்தின் உதாரணமே சொல்கிறது. ஆகவே "நானாகவா எடுத்தேன், தானாக வந்தது" என்பது முழுப் பதில் ஆகாது.

ஆனால் இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் அல்ல. குற்றவியல் நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல் துறை விசாரணை தொடங்கவும் முடியாது. நிலையத்தில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மனு ஏற்புச் சீட்டும், எதிராளியை அழைத்து ஒரு பேச்சும்தான். சில நேரம் அந்தப் பேச்சே போதுமானதாக இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் தச்சரைப் போல, "எனக்குப் பாக்கி இருந்தது" என்று பாதி உண்மையான காரணம் ஒன்றைச் சொல்கிறவர் மீது நேர்மையற்ற எண்ணத்தை நிரூபிப்பது கடினம். "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். சிவில் தகராறுக்குக் குற்ற வழக்கின் சாயம் பூசக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அப்படி எழுதி முடித்த தாளைத் தச்சரின் வக்கீல் பிறகு பெருமையோடு காட்டுவார்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்து, "என்னை ஏமாற்றிப் பணம் பறித்துவிட்டார்கள்" என்று சொன்னால் கணக்கு உடனே முடக்கப்படும் என்று யாரோ யோசனை சொல்வார்கள். அந்த எண் மோசடிக்கு. உங்கள் விரல் தவறுக்கு அல்ல. பொய்த் தகவல் கொடுத்து அரசு ஊழியரைச் செயல்பட வைப்பதே தனிக் குற்றம். அதற்கும் மேலாக, "தவறுதலாக அனுப்பினேன்" என்ற உங்கள் சிவில் வழக்கின் அடித்தளத்தை நீங்களே தோண்டி எடுக்கிறீர்கள்.

தகவல் சொன்ன அன்றே முழுத் தொகையையும் ஏடிஎம் வழியாக எடுத்துவிட்டு, தொலைபேசியை அணைத்துவிட்டவர் என்றால் காவல் புகாரும் நடுவரிடம் தனி முறையீடும் பொருத்தமானவை. அங்கே எண்ணம் நடத்தையிலேயே தெரிகிறது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வங்கி | நோட்டீஸ், மக்கள் நீதிமன்றம் | உரிமையியல் வழக்கு | காவல் புகார் |
|---|---|---|---|---|
| எதிராளி யாரென்று தெரியாவிட்டால் | பொருந்தும் | பொருந்தாது | வங்கியைப் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும் | கணக்கு எண் கொடுக்கலாம். விசாரணைக்கு நடுவர் உத்தரவு வேண்டும் |
| எதிராளி காரணம் சொல்லி மறுத்தால் | நின்றுவிடும் | பேசித் தீர்க்கலாம் | தீர்ப்பு கிடைக்கும் | பலவீனம் |
| கைச்செலவு | இல்லை | நோட்டீஸ் கட்டணம் மட்டும் | 3 சதவீதம், வக்கீல் கட்டணம், நாட்கள் | குறைவு |
| கட்டாயப்படுத்தும் வலிமை | இல்லை | கையெழுத்தான பிறகு உண்டு | உண்டு | பணத்தை நேராக மீட்டுத் தராது |
| மறைந்திருக்கும் ஆபத்து | காத்திருப்பில் கணக்கு காலியாவது | காலவரையறை ஓடுவது | வென்றும் வசூலாகாமை | முரண்பட்ட வாக்குமூலம் |

## செல்வி என்ன செய்யலாம்

ஆள் தெரியும்; பணம் வந்ததை அவர் மறுக்கவில்லை; சொல்லும் காரணத்தில் எட்டாயிரம் அளவுக்கு உண்மை இருக்கிறது; கணக்கில் இன்னும் 43,000 இருக்கிறது என்று அவரே சொல்கிறார். முதல் நாள் வங்கியில் எழுத்துப் புகார், அது பதிவுக்காக. அதே வாரம் 60,000 கேட்டு, வட்டி வரியோடு நோட்டீஸ். தச்சரோடு தொலைபேசியில் சண்டை வேண்டாம். பேச வேண்டியதைக் குறுஞ்செய்தியில் பேசினால், "பணம் வந்தது, பாக்கிக்கு வைத்துக்கொண்டேன்" என்று அவர் எழுதும் ஒரே வரி முதல் இரண்டு கேள்விகளை முடித்துவிடும். அவர் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு "திருடன்" என்று எழுதுவது அவருக்கு ஓர் அவதூறு வழக்கைப் பரிசாகத் தருவது.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் மக்கள் நீதிமன்ற மனு. அங்கே கேட்கத்தக்க ஏற்பாடு இப்படி இருக்கும்: உடனே 35,000, மீதி 25,000-ஐ மாதம் 5,000 வீதம் ஐந்து தவணையில். உடன்பாட்டில் ஒரு வரியைக் கேட்டு வாங்க வேண்டும்: ஏதாவது ஒரு தவணை தவறினால் மீதித் தொகை முழுவதும் அன்றே செலுத்தத்தக்கதாகும். அந்த வரி இல்லையென்றால் மூன்றாவது தவணை தவறும்போது அந்த 5,000-க்கு மட்டும்தான் நிறைவேற்றல் மனு போட முடியும். அடுத்ததற்கு அடுத்த மாதம் மறுபடி வர வேண்டும். தச்சர் வரவே இல்லையென்றால் இரண்டாவது அழைப்போடு நிறுத்திக்கொண்டு, 1,800 ரூபாய் கட்டணத்தோடு மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு. பணம் அனுப்பியது திருப்பூரிலிருந்து என்பதால், வழக்கு மூலத்தின் ஒரு பகுதி அங்கே எழுந்தது என்று காட்டித் திருப்பூரிலேயே தாக்கல் செய்யப் பார்க்கலாம். தாராபுரத்துக்கு அலைய வேண்டியிருக்காது.

பட்டியலில் உள்ள இரண்டு முருகேசன்களில் ஒருவரின் பெயரை அன்றே "தச்சர்" என்று மாற்றி வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.